‘சி.ஏ. பர்சூயிங்’ என்று போட்டுப் போன இன்டர்வியூவில் என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

திருப்பூர் கணக்கு

ரெண்டு மாசமா மனசுல உறுத்துது, அதான் எழுதறேன். இங்கே ஒரு பனியன் கம்பெனியில ஜி.எஸ்.டி. பார்க்க ஆள் கேட்டாங்க. பி.காம். முடிச்சு, சி.ஏ. இன்டர்ல குரூப் 1 மே 2024-ல பாஸ். குரூப் 2 செப்டம்பர்ல போச்சு, ஆனா ஆடிட் தாள்ல 63, அறுபது வாங்கினதால அந்தத் தாளை உடனே திரும்ப எழுத வேண்டாம்னு விலக்கு இருக்கு. என் ரெஸ்யூமேல இதையெல்லாம் தெளிவாத்தான் எழுதிக் கொடுத்தேன். கன்சல்டன்சிக்காரர் தன் ஃபார்மட்ல திரும்ப டைப் பண்ணி "சி.ஏ. (பர்சூயிங்)"னு ஒரே வரியா அனுப்பிட்டார். எனக்கு அங்கே போய்த்தான் தெரியும்.

அக்கவுன்ட்ஸ் மேனேஜர் பேனாவை அந்த வார்த்தை மேல வெச்சார். "ஏம்மா, பேர் பதிஞ்சிருக்கியா, எழுதியிருக்கியா, பாஸ் பண்ணியிருக்கியா?" நான் பதில் சொல்ல வாயைத் திறக்கறதுக்குள்ள, பக்கத்து ஷீட்ல படிப்புங்கிற கட்டத்துல "பி.காம்." மட்டும் எழுதி மூடிட்டார். அந்தப் பேனா மூடின சத்தம் இன்னும் காதுல இருக்கு.

பைல்ல மார்க் ஷீட் இருந்தது, எடுத்து நீட்டினேன். டாக்சேஷன் தாள்ல அவர் விரல் நின்னுது. "இதுல பாதி ஜி.எஸ்.டி. தானே?"ன்னார். ஆமா சார், 50 மார்க் வருமான வரி, 50 ஜி.எஸ்.டி.ன்னேன். அப்புறம்தான் நிஜமான கேள்வி வந்தது. பர்ச்சேஸ் ரெஜிஸ்டர்ல இருக்கிற பில், சப்ளையர் போட்ட ரிட்டர்ன்லேர்ந்து போர்ட்டல்ல வர்ற 2பி லிஸ்ட்ல இல்லேன்னா என்ன பண்ணுவேன்னு. சப்ளையர் 11-ஆம் தேதிக்கு மேல ஆர்-1, அதாவது விற்பனை ரிட்டர்ன், போட்டிருந்தா அடுத்த மாச 2பி-லதான் வரும், குவார்ட்டர்லி ரிட்டர்ன் போடற ஆளா இருந்து மாசாமாசம் பில்லை ஏத்தலேன்னா குவார்ட்டர் முடிஞ்சுதான் வரும், அதுவரைக்கும் கிரெடிட் எடுக்க மாட்டேன், தனி லிஸ்ட் போட்டு அவங்களுக்கு போன் பண்ணுவேன்னேன். வேலை கிடைச்சுது. ஆனா சம்பளம் வெறும் பி.காம். ஆளுக்குக் கொடுக்கறதுதான், கட்டத்துல அதுதானே எழுதியிருந்தது. உங்க யாருக்காவது இப்படி?

சத்தியம் பேசுவோம்

தங்கச்சி, முடிக்காத கோர்ஸைப் போடவே கூடாது. சி.ஏ.ன்னு போட்டுக்கிட்டா சட்டப்படி குத்தம், 1949 சட்டத்துல 24-ஆம் பிரிவு. என் கூட வேலை பார்த்த பையன் விசிட்டிங் கார்டுல பேருக்கு முன்னாடி சி.ஏ. போட்டுட்டு, பார்ட்டி ஒருத்தர் மெம்பர்ஷிப் நம்பர் கேட்டப்ப முழிச்சான். அந்த முழி எனக்கு மறக்கல. முழுசா முடிச்சுட்டுப் போடுங்க, அதான் மரியாதை.

மதுரை ஆடிட்டர்

மேலே சொன்னது பாதி சரி. அந்தப் பிரிவு, மெம்பர் இல்லாதவர் மெம்பர் என்று காட்டிக்கொள்வதைப் பற்றியது. பாஸ் பண்ணின குரூப்பைப் பாஸ் என்று எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. எழுதாமல் விட்டால் நஷ்டம் அந்தப் பெண்ணுக்குத்தான்.

நான் வருஷா வருஷம் ஆள் எடுக்கிறவன். 'பர்சூயிங்' என்ற சொல்லைப் பார்த்தால் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவேன். நேற்று பணம் கட்டிப் பேர் பதிந்தவரும், ஃபைனலில் ஒரு தாள் மட்டும் பாக்கி வைத்திருப்பவரும் அதே சொல்லைத்தான் போடுகிறார்கள். எனக்கு வேண்டியது நடந்து முடிந்த விஷயம், அதன் தேதி, அடுத்த தேதி. அம்மா உங்கள் வரி இப்படி இருந்திருக்க வேண்டும்:

"சி.ஏ. இன்டர்மீடியட், ஐ.சி.ஏ.ஐ.: குரூப் 1 தேர்ச்சி, மே 2024. குரூப் 2: ஆடிட் தாளில் விலக்கு, செப்டம்பர் 2024. மீதி இரண்டு தாள்கள் ஜனவரி 2025 தேர்வுக்குப் பதிவு செய்யப்பட்டுள்ளன."

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காகிதம் இருக்கிறது. முதல் இரண்டுக்கு மார்க் ஷீட், மூன்றாவதற்கு அட்மிட் கார்டு. அது வருவதற்கு முன்பு என்றால் தேர்வுக் கட்டணம் கட்டிய ரசீது. காகிதம் இல்லாத துண்டை எழுதவே வேண்டாம். விலக்கும் தானாக நிரந்தரமாகிவிடாது, அடுத்த மூன்று தேர்வுவரைதான். நிரந்தர விலக்கைத் தனியாகக் கேட்டு வாங்காவிட்டால், செப்டம்பர் 2024-இல் வாங்கியது செப்டம்பர் 2025 தேர்வோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் அந்த வரி ரெஸ்யூமேயில் இருந்தால், மார்க் ஷீட்டின் தேதியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும்.

என்னை உறுத்தும் சம்பவம் வேறு. போன வருஷம் வந்த ஒரு பையன் குரூப் 1 மட்டும் பாஸ், ஆனால் ரெஸ்யூமேயில் 'ஆர்ட்டிகிள்ஷிப், ஒரு வருடம்' என்று இருந்தது. ஆர்ட்டிகிள் என்பது ஆடிட்டரிடம் பதிவு செய்து எடுக்கும் பயிற்சி. சி.ஏ. புதுத் திட்டத்தில் இன்டரில் இரண்டு குரூப்பும் முடித்தால்தான் அதில் சேரவே முடியும். அந்தப் பதிவுக்கான 103 படிவம் எங்கே தம்பி என்றேன். பேசாமல் தலையைக் குனிந்துகொண்டான். விசாரித்தால், ஆடிட்டர் ஆபீஸில் சம்பளத்துக்கு இருந்திருக்கிறான். உண்மையில் நல்ல வேலைதான் பார்த்திருக்கிறான், இருபது முப்பது கடைக்காரர்களுக்கு மாதா மாதம் ரிட்டர்ன் போட்டிருக்கிறான். அதை 'ஆடிட் அசிஸ்டன்ட்' என்று எழுதியிருந்தால் அன்றே எடுத்திருப்பேன். தவறான பேர் போட்டதால், மற்ற வரிகளையும் நான் நம்ப முடியாமல் போய்விட்டது.

ஷார்ஜா குமார்

நான் படிக்கிறது ஏ.சி.சி.ஏ., பிரிட்டன்காரங்க நடத்துற கணக்குப் படிப்பு. இங்கே "13-ல 9 தாள் முடிச்சாச்சு"ன்னு போட்டுப் போனேன். ஹெச்.ஆர். லேடி சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க, இதுல நீங்க உட்கார்ந்து எழுதினது எத்தனைன்னு. பி.காம்.முக்கு நாலு விலக்கு, எழுதினது அஞ்சு. ரெண்டும் முடிஞ்சதுதான், பொய் இல்ல. ஆனா டிரான்ஸ்கிரிப்ட்ல விலக்கு தனியா தெரியும். இப்போ "5 எழுதித் தேர்ச்சி, 4 விலக்கு, 4 பாக்கி"ன்னே போடறேன். ஆடிட்டர் சார், விலக்குங்கிற வார்த்தையை நீங்க சொன்ன அர்த்தத்துல இங்கே யாரும் புரிஞ்சுக்க மாட்டாங்க. உங்க விலக்கு மார்க் வாங்கினதால வந்தது, எங்களது டிகிரியால வந்தது. வெளிநாட்டுக்குப் போடறவங்க "63 மார்க்"னே எழுதிடறது நல்லது.

செல்வி அம்மா

எல்லாரும் நல்லா சொல்றீங்க. என் பொண்ணு பி.காம். கடைசி செமஸ்டர், குரூப் 2-க்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கா. டி.என்.பி.எஸ்.சி.யில ரிசல்ட் வெயிட்டிங்னு போட்டா ஒத்துக்குவாங்களா?

மதுரை ஆடிட்டர்

அம்மா, இங்கே பேசுவது சி.ஏ. குரூப் 2. நீங்கள் கேட்பது வேறு. அங்கே அறிவிக்கை வந்த தேதியில் தகுதி கையில் இருக்க வேண்டும். பாதி முடித்ததற்குப் பாதி மதிப்பு என்பதெல்லாம் அங்கே கிடையாது. அறிவிக்கையை ஒருமுறை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

சத்தியம் பேசுவோம்

சரி ஆடிட்டர் சார், குரூப் 1 போடலாம், ஒத்துக்கறேன். ஆனா அந்த விலக்கு வரியைப் போட்டா குரூப் 2 பெயில்னு தானே அர்த்தம்? செப்டம்பர் மார்க் ஷீட்டை நீட்டினா மத்த ரெண்டு தாள் மார்க்கும் அதுலயேதான் இருக்கும். நான் ஆள் எடுத்தா கண்ணு அங்கேதான் போகும். அந்த வரி வேண்டாம்.

மதுரை ஆடிட்டர்

எனக்கு அது பலமாகத்தான் தெரியும். சி.ஏ.வில் ஒரு தடவை போவது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு தாளில் 60 தாண்டியிருப்பது அந்த விஷயம் தெரியும் என்பதற்குச் சாட்சி.

திருப்பூர் கணக்கு

சார், உங்களுக்குத் தெரியும், நீங்க அதே பரீட்சை எழுதி வந்தவர். எங்க மேனேஜர் எம்.காம். அவர் செப்டம்பர் ஷீட்டைப் பார்க்கல, மே மாச ஷீட்டை மட்டும்தான் காட்டினேன். ஜனவரி தேர்வு முடிஞ்சதும் சம்பளம் பத்திப் பேசலாம்னு சொல்லியிருக்கார். அப்போ ரெண்டு ஷீட்டையும் கேட்பார். சி.ஏ. படிக்காத மேனேஜர்கிட்ட பெயில் ஷீட்டைக் காட்டினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அவங்க முதல்ல எந்தத் தாளைப் பார்த்தாங்க?