400 எதிர்பார்த்தோம், 163 வந்தது: முதலீட்டாளருக்கு எழுதிய மாதாந்த மின்னஞ்சல் பற்றிய அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து, நிறுவனம் நடத்துபவர்

நெல் அறுவடை இயந்திரங்களைக் கைபேசிச் செயலி வழியாகக் கமக்காரருக்குப் பதிவுசெய்து கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் இரண்டு காலபோகங்களாக நடத்தி வருகிறோம். பணம் தந்தவர்கள் ஒன்பது பேர். இருவர் கொழும்பில் இருக்கிறார்கள், மற்றவர்கள் ஊரை விட்டுப் போய் வெளிநாட்டில் வாழ்பவர்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவோம்.

பெப்ரவரிக்கு 400 பதிவுகள் என்று முந்தைய மாத மின்னஞ்சலில் எழுதியிருந்தோம். வந்தவை 163. அந்த எண்ணை ஒரு பயிற்சிப் பட்டறையின் படங்களுக்குக் கீழே வைத்து, மழையால் அறுவடை பிந்தியது என்று ஒரே வரியில் காரணமும் எழுதி அனுப்பினோம். பரந்தனில் பிறந்து லண்டனில் இருக்கும் அண்ணா ஒருவர் மறுநாளே பதில் எழுதினார்: "மழை எல்லாருக்கும்தானே பெய்தது தம்பி. வயல்கள் அறுக்கப்படாமல் கிடக்கின்றனவா, அல்லது உங்களிடம் வராமலேயே அறுக்கப்பட்டுவிட்டனவா?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. முந்தைய போகத்தில் எங்கள் வழியாக இயந்திரம் எடுத்த 60 பேரைத் தொலைபேசியில் அழைத்தோம். 41 பேர் ஏற்கெனவே அறுத்து முடித்திருந்தார்கள். அவர்களில் 33 பேர் நாங்கள் முதன்முதலில் அனுப்பிய அதே இயந்திரக்காரரின் இலக்கத்தை வைத்திருந்து, நேரடியாக அவரையே கூப்பிட்டிருந்தார்கள். ஆகவே எங்களை இழப்பில் தள்ளியது மழையன்று. ஒருமுறை அறிமுகம் செய்து வைத்த பிறகு எங்களுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

நான்கு நாள் கழித்துத் திருத்திய மின்னஞ்சல் ஒன்றை அனுப்பினோம். முதல் வரியிலேயே 400க்கு 163 என்றும், அதற்கடுத்து, நாங்கள் முன்பு சொன்ன காரணம் தவறு என்றும் எழுதினோம். அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

வவுனியாவிலிருந்து, சிறு நிறுவனங்களில் பணம் போட்டவர்

நான் இப்படியான மின்னஞ்சல்களை வாங்கும் பக்கத்தில் இருப்பவன். நான்கு நிறுவனங்களில் சிறு தொகை போட்டிருக்கிறேன், இரண்டு மூடப்பட்டுவிட்டன. மூடப்பட்ட இரண்டிலும் மின்னஞ்சல் முதலில் பிந்தியது, பிறகு எண்கள் மாறின. ஒரு மாதம் பதிவுகளைச் சொல்வார்கள், அடுத்த மாதம் செயலியைத் தரவிறக்கியவர்களைச் சொல்வார்கள். அளவுகோல் மாறுவதைக் கண்டால் நான் உடனே தொலைபேசியை எடுப்பேன். ஆகவே தம்பி, அதே பதிவு எண்ணையே அதே இடத்தில் மாதந்தோறும் போடுங்கள்.

உங்கள் மின்னஞ்சலில் கையிருப்பு எத்தனை மாதத்துக்குப் போதும் என்று எழுதினீர்களா? அதில்தான் நம் பகுதி நிறுவனங்கள் தம்மையறியாமல் பொய் சொல்கின்றன.

கிளிநொச்சியிலிருந்து, நிறுவனம் நடத்துபவர்

எழுதினோம், ஐயா. வங்கியில் 1,840,000 ரூபா இருந்தது. மாதச் செலவு 410,000. ஒரு பதிவுக்கு எங்களுக்குக் கிடைக்கும் கழிவு 600 ரூபா என்பதால் பெப்ரவரி வருமானம் 97,800. வருமானத்தைக் கழித்துப் பார்த்து, கிட்டத்தட்ட ஆறு மாதம் தாங்கும் என்று எழுதினோம்.

வவுனியாவிலிருந்து, சிறு நிறுவனங்களில் பணம் போட்டவர்

அதைத்தான் சொல்கிறேன். காலபோக அறுவடை பங்குனியோடு ஓய்ந்துவிடும். பிறகு சிறுபோகம், அதுவும் குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கும் ஏக்கரளவுக்கு மட்டுமே. இரணைமடுவின் நீர் மட்டம் தெரியாமல் உங்கள் ஆவணி வருமானத்தை யாராலும் சொல்ல முடியாது. இடைப்பட்ட மாதங்களில் வருமானம் பூச்சியம் என்று வைத்துக் கணக்கிட்டால் கையிருப்பு நாலரை மாதம்தான். அறுவடை மாதத்து வருமானத்தை வைத்து ஆண்டு முழுவதையும் அளந்தால் ஒன்றரை மாதம் கூடித் தெரியும். இரண்டு எண்களையும் எழுதுங்கள், குறைந்ததை முதலில் எழுதுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து, கடலுணவு வியாபாரி

இவ்வளவையும் எழுத்தில் வைப்பது ஆபத்து என்பது என் அனுபவம். என் பங்காளி எழுதிய ஒரு மின்னஞ்சல் கைமாறிக் கைமாறி, எங்களுக்கு மீன் கொடுப்பவர்களிடமே போய்ச் சேர்ந்தது. மறுநாளே எல்லாரும் முற்பணம் கேட்டார்கள். கெட்ட செய்தியைத் தொலைபேசியில் சொல்வதே நல்லது; எழுத்தில் நல்லதை மட்டும் வைக்க வேண்டும்.

வவுனியாவிலிருந்து, சிறு நிறுவனங்களில் பணம் போட்டவர்

பாதி சரி. மின்னஞ்சல் கைமாறும், அதனால் கமக்காரரின் பெயர், ஒப்பந்த விலை, ஊழியரின் சொந்த விடயம் ஆகியவற்றை அதில் எழுதக் கூடாது. பெரிய அடி விழுந்தால் முக்கியமானவர்களைத் தொலைபேசியில் முதலில் அழைப்பதும் நல்ல பழக்கமே. ஆனால் ஒன்பது பேரில் மூவருக்கு மட்டும் வாய்ச்சொல்லாகத் தெரிந்து, மற்ற ஆறு பேர் நல்ல செய்தியையே வாசித்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை பணம் கேட்கும்போது அந்த ஆறு பேரின் முகத்தில் எப்படி விழிப்பது?

மாங்குளத்திலிருந்து, பால் உற்பத்தியாளர் சங்கச் செயலாளர்

நாங்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுதுகிறோம். எங்களுக்கு உதவிய தொண்டு நிறுவனத்துக்கு அதை அனுப்ப வேண்டும். எதிர்பார்த்த லீற்றருக்குக் குறைவாகப் பால் சேர்ந்தது என்று ஒருமுறை உண்மையை எழுதினோம். அடுத்த தவணைப் பணம் பிந்தியது. அதன் பிறகு, "இலக்கை நோக்கி முன்னேற்றம் காணப்படுகிறது" என்றுதான் எழுதுகிறோம். இங்கே எல்லாரும் குறையைச் சொல்லச் சொல்கிறீர்களே, யார் பணம் தருவார்கள்?

கிளிநொச்சியிலிருந்து, நிறுவனம் நடத்துபவர்

செயலாளர் அவர்களே, எங்கள் முதல் மின்னஞ்சலின் மொழியும் அந்த அறிக்கைகளிலிருந்துதான் வந்தது. நானும் ஆறு வருடம் அப்படியான அலுவலகத்தில் வேலை செய்தவன். ஆனால் எங்கள் ஒன்பது பேரும் தவணைப் பணம் தருபவர்கள் அல்லர். தரவேண்டியதை ஏற்கெனவே தந்துவிட்டார்கள். இனி அவர்களிடம் எஞ்சியிருப்பது அவர்களுக்குத் தெரிந்த மனிதர்கள்தான்.

அந்த அறிமுகங்களைக் கேட்பதிலும் முதலில் பிழை விட்டோம். "நிதித் துறையில் யாரையாவது தெரிந்தால் அறிமுகம் செய்யுங்கள்" என்று எழுதினோம். ஒருவரும் பதில் தரவில்லை. திருத்திய மின்னஞ்சலில் ஒரே ஒரு வேண்டுகோளை வைத்தோம். அடுத்தடுத்த வயல்களின் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால், இயந்திரத்தை லொறியில் ஏற்றி இறக்கும் செலவு குறையும். அந்த இலாபத்துக்காக இயந்திரக்காரர் எங்களோடு நிற்பார் என்பது புதிய திட்டம். இயந்திரக்காரரை அதிகம் அறிந்தவை இயந்திரங்களை லீசிங்கில் கொடுக்கும் கம்பனிகள். ஆகவே, "வவுனியாக் கிளையில் அறுவடை இயந்திர லீசிங்கைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர்" என்று கேட்டோம். அப்படியே முன்னனுப்பக் கூடிய ஒரு சிறு கடிதத்தையும் தனியாக அனுப்பினோம்:

"வணக்கம். கிளிநொச்சியில் அறுவடை இயந்திரங்களின் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் நிறுவனம் நடத்துகிறோம். பெப்ரவரியில் 163 பதிவுகளைக் கையாண்டோம். உங்களிடம் லீசிங் எடுத்தவர்களின் இயந்திரங்களுக்குத் தொடர்ச்சியாக வேலை கிடைத்தால் தவணை தவறுவது குறையுமா என்று கேட்டறிய 20 நிமிடம் வேண்டும். விற்பனைக்காக வரவில்லை."

எங்கள் கையிருப்புக் கணக்கு அதில் இல்லை. முல்லைத்தீவு அண்ணா பயப்படும் இடம் அதுதான்.

இருவர் பதில் தந்தார்கள். இருவருமே அந்தக் கடிதத்தைக் காட்டி, அதிகாரியின் சம்மதத்தைக் கேட்ட பிறகே எங்களை இணைத்தார்கள். நாங்கள் அன்றே பதில் எழுதி, அறிமுகம் செய்தவருக்கு நன்றி சொல்லி, அவரை Bcc இடத்துக்கு மாற்றிவிட்டோம். சந்திப்பு நேரம் பேசும் பத்துக் கடிதங்களும் அவருக்குப் போய்க்கொண்டிருந்தால் அடுத்த முறை அவர் தயங்குவார்.

ஓர் அதிகாரி சந்தித்தார். 20 இயந்திரக்காரரின் ஒரு போகப் பதிவேட்டைக் கொண்டுவந்தால் மேலே பேசலாம் என்றார். எங்களிடம் இருந்தது ஏழு பேருடையது. அதையும் அப்படியே அடுத்த மாத மின்னஞ்சலில் எழுதினோம். மற்றவர் சம்மதித்த பிறகு மௌனமாகிவிட்டார். ஒன்பது பேரில் மூவர் இன்றுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. வாசிக்கிறார்களா என்பதும் தெரியாது.

வவுனியாவிலிருந்து, சிறு நிறுவனங்களில் பணம் போட்டவர்

வாசிப்பார்கள். நானும் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. ஆனால் இயந்திரக்காரர் உங்களைத் தவிர்த்துவிட்டுப் போவதை லொறிச் செலவு மிச்சம் தடுக்கும் என்பதை நான் இன்னும் நம்பவில்லை. பக்கத்து வயல்காரர்கள் தாங்களே பேசிச் சேர்ந்துகொள்ள மாட்டார்களா?

கிளிநொச்சியிலிருந்து, நிறுவனம் நடத்துபவர்

லண்டன் அண்ணாவும் அதையே கேட்டிருக்கிறார். சிறுபோக அறுவடை வரும் வரை எங்களிடம் பதில் இல்லை.

மாங்குளத்திலிருந்து, பால் உற்பத்தியாளர் சங்கச் செயலாளர்

தம்பி, அந்த லீசிங் அதிகாரி பால் குளிரூட்டும் தாங்கிக்கும் கொடுப்பாரா என்று ஒருக்கால் கேட்டுச் சொல்ல முடியுமா? கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.