புதுப்பிப்பு: தட்டையாகப் படியும் மெல்லிய முடிக்கு எந்த வெட்டு சரிவந்தது

"என் முடி நூல் மாதிரி மெலிசு. தோளைத் தாண்டினாலே தலையோடு ஒட்டிக்கொள்கிறது. எந்த வெட்டு அடர்த்தியாகக் காட்டும்?"

முன்பு இங்கே இப்படிக் கேட்டிருந்தேன்; பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது தக்கலை அக்கா சொன்னதுதான்: தாடைக்குச் சற்றுக் கீழே, நுனியை ஒரே நேர்கோட்டில் வெட்டுவது. நீளத்தின் எடை குறைந்ததும் வேர்ப்பக்கம் எழும்பியது. முடியெல்லாம் ஒரே இடத்தில் முடிவதால் நுனியும் கனமாகத் தெரிகிறது.

லேயர் போடச் சொன்ன தம்பி பாதி சரி. உச்சியில் மட்டும் லேசாகப் போட்டோம்; கீழே போட்டிருந்தால் நுனி இன்னும் மெலிந்திருக்கும். அடர்த்தியைக் குறைக்கும் தின்னிங் கத்திரியும் வேண்டாம் என்றேன். முடி கொட்டுவதை நிறுத்த எண்ணெய் சொன்ன அண்ணாச்சி, எனக்குக் கொட்டவில்லை!

எதிர்பாராதது: குளச்சல் கடற்காற்றில் மதியத்துக்குள் மறுபடி படிகிறது. வகிட்டைப் பக்கம் மாற்றினால் கொஞ்சம் எழும்பும். மழைநாளில் அதுவும் நிற்பதில்லை.