புது ஸ்டாஃப் நர்ஸுக்கான செக்லிஸ்ட்: உதவி தேவை

திண்டுக்கல் பக்கம் 30 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் நர்சிங் இன்சார்ஜாக இருக்கிறேன். திங்கட்கிழமை புது ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் சேருகிறார். ஜிஎன்எம் முடித்தவர், இதுதான் முதல் வேலை. இரவில் ஒரு மாடிக்கு ஒரே நர்ஸ்தான்.

போன முறை பெரிய மருத்துவமனை ஒன்றின் நான்கு பக்க செக்லிஸ்டைப் பயன்படுத்தினோம். வந்த பெண் முதல் நாளே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பத்தாம் நாள் இரவு ஒருவருக்கு மூச்சுத் திணறியபோது, ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் தவறு அந்தப் பெண்ணுடையது இல்லை, நாங்கள் செய்துகாட்டவே இல்லை.

அப்புறம் ஒரு வாரம் சீனியரோடு போட்டுப் பார்த்தோம். ஆள் பற்றாக்குறையில் மூன்றாம் நாளே நின்றுபோனது. வரவேற்புக் கடிதத்தில் இருந்த விதிமுறைகளை எடுத்துவிட்டு, இரவில் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது, தயங்காமல் எழுப்பலாம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அது சரியாக வந்திருக்கிறது.

செக்லிஸ்ட்தான் நிற்கிறது. கிராஷ் கார்ட், சிலிண்டர் மாற்றுவது, பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரடியாக நரம்பில் போடக்கூடாது என்பது, ரத்தம் ஏற்றும்முன் இருவர் சரிபார்ப்பது, இந்த நான்கையும் அவர் செய்துகாட்டிய பிறகே சீனியர் கையெழுத்திட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

தனி நைட் டியூட்டிக்கு முன் கட்டாயம் செய்துகாட்ட வேண்டியவற்றில் இந்த நான்கோடு வேறு எதைச் சேர்ப்பீர்கள்?