செக்கு எண்ணெய் மொத்த ஆர்டர்: வசூலும் லாரி வாடகைப் பங்கும்

கணக்குப்பிள்ளை:
காங்கேயம் பக்கத்துச் செக்கிலிருந்து கடலை எண்ணெய் சேர்ந்து வரவழைத்தால், முதல் குழப்பம் வாட்ஸ்ஆப் பட்டியலில்தான். ஆளாளுக்கு முந்தைய பட்டியலைக் காப்பி பண்ணி, தங்கள் வீட்டைக் கீழே சேர்த்துப் போடுவார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் போட்டால், ஒருவருடைய வரி அடுத்த பட்டியலில் காணாமல் போகும். கேன் இறங்கிய பிறகுதான் அது தெரியவரும். பட்டியலை ஒருவரே வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் "பி4, 5 லிட்டர்" என்று சொன்னால் போதும்.

பணம் அனுப்பும்போது குறிப்பில் வீட்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள். பி4-இன் பணம் வெளியூரில் இருக்கும் மகன் பெயரில் வரும், யாரென்றே தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து டிக் போடாதீர்கள். பாதியில் நிற்கும் பரிமாற்றத்தையும் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். வங்கிக் கணக்கில் வரவு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த 12 இலக்க யூபிஐ எண்ணைப் பெயருக்கு நேரே எழுதினால் பிறகு பேச்சே வராது.

மூணாம்மாடி:
இவ்வளவு எதுக்குங்க? டெலிவரி செலவை வீட்டுக்குச் சமமா வகுத்தா முடிஞ்சுது.

கணக்குப்பிள்ளை:
பாதி சரி. 8 வீடு, 60 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி வாடகை 600, லாரி ஆபீஸிலிருந்து ஆட்டோவும் இறக்குகூலியும் 320. சமமாக வகுத்தால் ஆளுக்கு 115 ரூபாய். 2 லிட்டர் வாங்கிய வீட்டுக்கு லிட்டருக்கு ஐம்பத்தேழரை ரூபாய் ஏறிவிடும், அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள்.

வாடகை எடையைப் பார்த்துப் போடுவது, அதனால் அதை லிட்டருக்கு 10 என்று பிரியுங்கள். ஆட்டோ 2 லிட்டருக்கும் வந்துதான் ஆகணும், அதை மட்டும் வீட்டுக்கு 40 என்று வையுங்கள். 2 லிட்டர்காரருக்கு 60, 15 லிட்டர்காரருக்கு 190. ஆர்டர் கொடுக்கும் முன்பே வீட்டுப் பங்கை 50 ஆக வாங்கிக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு வீடு கழன்றால் 40 என்பது 46 ஆகும். அந்த ஆறு ரூபாய்க்காக எல்லோர் கதவையும் தட்டவேண்டாம்.

சாந்தி அக்கா:
எங்க பிளாக்ல ஒரு 5 லிட்டர் கேன்ல மூடி லூசாகி பாதி எண்ணெய் ஒழுகிடுச்சு. செக்குக்காரர் லாரியைச் சொல்றார், லாரி ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு எடுத்தாச்சே என்கிறாங்க. இதை எல்லாரும் பங்கு போடணுமா?

கணக்குப்பிள்ளை:
கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு கேனையும் சாய்த்துப் பார்த்து, ஒழுகினால் லாரி ரசீதான எல்.ஆர். நகலிலேயே "1 கேன் கசிவு" என்று எழுதி வாங்கணும். நஷ்டத்தைப் பொதுவில் வைப்பதுதான் எனக்கு நியாயம், எந்த வீட்டுக் கேன் என்று லாரிக்குத் தெரியுமா?

மூணாம்மாடி:
கேன்ல வீட்டு எண் எழுதியிருந்தா அவங்க நஷ்டம்தான். இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.