ஆட்டோவில் ஏறும் முன் என்ன கேட்க வேண்டும்? கொஞ்சம் உதவுங்கள்

நண்பர்களே, தமிழ் தெரியாத இரண்டு விருந்தினர்களுக்காக, ஆட்டோவில் ஏறும் முன் சொல்ல வேண்டிய வாக்கியங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன முறை “எவ்வளவு?” என்று மட்டும் கேட்டு, இருநூறு என்று பேசி ஏறிவிட்டார்கள். இறங்கும்போது அது ஆளுக்கு இருநூறாம், பெட்டிக்குத் தனியாம். எனக்கு மனசே சரியில்லை.

இந்த முறை முதலில் இடம்: “அண்ணா, ரயில்வே ஸ்டேஷன் போகணும், கிழக்கு வாசல். வருவீங்களா?” வாசலைச் சொல்லாவிட்டால் சுற்றிப் போக நேரும், அதற்குத் தனியாகக் கேட்பார்கள். அப்புறம், “மீட்டர் போடுவீங்களா?” இல்லையென்றால், “மொத்தம் எவ்வளவு? ரெண்டு பேருக்கும் பெட்டிக்கும் சேர்த்துத்தானே?” பேசி முடித்ததும் தொகையை போனில் எண்ணாகத் தட்டிக் காட்டி, “இவ்வளவுதான், சரியா?” அறுபது, எழுபது, எண்பது எல்லாம் புதிதாகக் கேட்பவர் காதில் ஒன்றுபோலத்தான் விழும்.

இரண்டு இடத்தில் தடுமாறுகிறேன். வழியில் பத்து நிமிடம் நிறுத்தினால், வெயிட்டிங்குக்கு எவ்வளவு என்று எப்படிச் சுருக்கமாகக் கேட்பது? கட்டுப்படியாகாதபோது, “பரவாயில்லண்ணா, வேண்டாம்” என்றால் மரியாதையாக இருக்குமா? ஆட்டோ ஓட்டுபவர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள், நாளை மறுநாள் வருகிறார்கள்.