கிரையப் பத்திரத்தை வீட்டில் எல்லோருக்கும் புரியும்படி சுருக்கி எழுத உதவி வேண்டும்

வணக்கம். ஊரில் 5½ சென்ட் மனை வாங்குகிறோம், அடுத்த வாரம் பதிவு. பத்திர வரைவை அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன், மனையின் எல்லைகளைச் சொல்லும் நான்கு மாலிலேயே நின்றுவிட்டேன்.

'தென்வடல் பாதைக்குக் கிழக்கு' என்று இருப்பதைப் படித்த அம்மா, பாதை கிழக்கே இருக்கிறது, கிழக்கு வாசல் வைக்கலாம் என்று சந்தோஷப்பட்டார். பாதைக்குக் கிழக்கே நம் மனை, அதாவது பாதை மேற்கே என்றுதான் நான் புரிந்துகொண்டேன். அதனால் 'மேற்கே பாதை, தெற்கே வாய்க்கால்' என்று மாற்றி எழுதி ஒரு படமும் போட்டேன். சரிதானே? அளவு கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, மொத்தம் 2400 சதுர அடி. சென்ட்டுக்கு 435.6 என்று பெருக்கினால் 2395.8 வருகிறது, அது பரவாயில்லை.

விலை 18 லட்சம். முன்பணம் 5 லட்சம் கொடுத்தாயிற்று, மீதி 13 லட்சத்துக்குப் பதிவன்று வங்கி வரைவோலை. ஆனால் வரைவில் 'முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் இருக்கிறது. வரைவோலை எண்ணையும் தேதியையும் சேர்க்கச் சொல்லலாமா?

எனக்கு உண்மையில் பயம் வில்லங்கத்தில்தான். பத்திரம் 'எவ்வித வில்லங்கமும் இல்லை' என்கிறது, வில்லங்கச் சான்றிலோ 2014இல் ஒரு வங்கி அடமானம் பதிவாகியிருக்கிறது, அதை ரத்து செய்த ரசீதுப் பத்திரம் அதில் காணவில்லை. கடன் அடைத்துவிட்டதாக வங்கி கொடுத்த கடிதத்தை விற்பவர் காட்டுகிறார். அது போதுமா, இல்லை ரசீது பதிவான பிறகுதான் கிரையம் என்று நிற்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.