கதிர் பேச்சுப்போட்டி (நம்ம குடும்பம் குரூப்)

கவிதா: கதிருக்கு நாளைக்குப் பேச்சுப்போட்டி. போர்க்களத்துல யானை, ஏன் அது வழக்கொழிஞ்சதுன்னு அஞ்சு நிமிஷம். பெரியப்பா, கொஞ்சம் சொல்லுங்க 🙏

ராஜி அத்தை: மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு யானையா? அனுமதி கிடைக்காதுடி

கவிதா: அத்தை, இது ஸ்கூலுக்கு

செந்தில்: பீரங்கி வந்துச்சு, யானை போச்சு. பானிபட் 1526. அவ்வளவுதான்

பெரியப்பா: பாதிதான் சரி செந்தில். அதுக்கு 1,700 வருஷம் முன்னாடியே ஈட்டியும் ஊதுகொம்பும் வச்சு யானைப்படையை முறிச்சிருக்காங்க. கி.மு. 202, வட ஆப்பிரிக்காவுல சாமா. ரோமை எதிர்த்த கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபல் 80 யானைக்கு மேல முன்னால நிறுத்தினார். யானை மிதிச்சுச் சாகறவங்களை விட, அது வர்றதைப் பார்த்து வரிசை கலைஞ்சு சாகறவங்கதான் அதிகம். ரோமத் தளபதி சிப்பியோ அதைத்தான் தடுத்தார்.

செந்தில்: எப்படி?

பெரியப்பா: ரோமப் படை மூணு வரிசை. முன்வரிசை இடைவெளிக்கு நேரா பின்வரிசை அணி நிக்கும். அன்னிக்கு மட்டும் அணிக்குப் பின்னால அணியா நிறுத்தி, நேர் சந்து விட்டார். சந்து வாயில சின்ன ஈட்டி எறியற வீரர்கள். யானை நெருங்கினா அவங்க சந்து வழியா பின்னால ஓடணும், இல்லன்னா பக்கத்துல ஒதுங்கணும். யானையும் ஈட்டி முனைகளை விட்டுட்டு, திறந்த சந்துலயே புகுந்து போயிடுச்சு. ரெண்டு பக்கமும் ஈட்டி மழை.

சுமதி சித்தி: ஞாயித்துக்கிழமை வேன் யார் பேசறது? போன தடவை மாதிரி எங்க வீட்டை மறந்துடாதீங்க

பெரியப்பா: இன்னொண்ணு. கொம்பு சத்தத்துல சில யானை மிரண்டு திரும்பி, ஹானிபலோட இடது பக்கக் குதிரைப்படை மேலேயே பாஞ்சுது. எதிர்ல இருந்த ரோமோட கூட்டாளி மசினிசா அந்த நிமிஷமே தாக்கி அந்தப் பக்கத்தை விரட்டிட்டார். அடுத்த வருஷ உடன்படிக்கையில தோத்த கார்த்தேஜ்கிட்ட, இருக்கிற யானையை ஒப்படைக்கணும், புதுசா பழக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கினாங்க.

ராஜி அத்தை: மிரண்டா பாகன் அடக்க மாட்டானா?

பெரியப்பா: அங்குசத்துக்கு அடங்காதும்மா. சாமாவுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி, இத்தாலியில மெட்டாரஸ் போர்ல பாகன் கையில உளியும் சுத்தியலும் இருந்துச்சு. காதுக்கு நடுவுல, கழுத்து சேர்ற இடத்துல அடிச்சு அவனே கொன்னுடணும். எதிரி கொன்னதை விட பாகன்கள் கொன்ன யானை அதிகம்னு ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதறார்.

ராஜி அத்தை: ஐயோ பாவம் 😢

செந்தில்: இவ்வளவு ஆபத்துன்னா நம்ம ராஜாக்கள் ஏன் விடல?

பெரியப்பா: இங்க காடு பக்கம். செத்தா வேற பிடிக்கலாம். கார்த்தேஜுக்கு அந்த வசதி குறைவு, குட்டி வளர்த்துப் பழக்கவும் வருஷக்கணக்காகும். மேல இருந்தா ராஜா எல்லாருக்கும் தெரிவார், எதிரி அம்புக்கும் தெரிவார். 949ல தக்கோலத்துல இராசாதித்த சோழர் யானை மேலயே இறந்தார்.

செந்தில்: கடைசியா ஒழிச்சது பீரங்கிதானே பெரியப்பா

பெரியப்பா: போர்முனையில இருந்து ஒழிச்சுது. அப்புறம் அதே பீரங்கியை இழுக்க யானையைத்தான் கட்டினாங்க.

கவிதா: சாமா போதும்னு நினைக்கிறேன். கதிர் தக்கோலமும் வேணுங்கறான்

சுமதி சித்தி: வேன் ஏழு மணிக்கா, எட்டுக்கா?